கணக்கு சரி, மெஷின்களும் சரி... ஆனால் உற்பத்தி பாதிதான்! ஃபேக்டோரியோ கேமில் எங்கே சிக்குகிறது சரக்கு?

நிமிடத்துக்கு 120 சர்க்யூட் வர வேண்டும். வருவதோ 66. கணக்கை இரண்டு முறை சரிபார்த்தாயிற்று. தாதுவும் இருக்கிறது, மின்சாரமும் இருக்கிறது, மெஷின்களின் எண்ணிக்கையும் சரியாக இருக்கிறது. அப்புறம் மீதி 54 எங்கே போனது?

‘ஃபேக்டோரியோ’ விளையாடும் பெரும்பாலானோர் முதல் சில மணி நேரங்களிலேயே இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். பகல் முழுக்க ஆபீஸில் கோடு எழுதிவிட்டு, இரவில் ‘ரிலாக்ஸ்’ ஆகலாம் என்று இந்த கேமைத் திறக்கும் புரோகிராமருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சர்வர் ஸ்லோ ஆகும்போது அவர் தேடுவதும் இதைத்தான். ஒரே ஒரு வித்தியாசம், இங்கே பிரச்சினையைக் கண்ணால் பார்க்கலாம்.

அந்த 54 எங்கே போனது என்பதை ஒரு உதாரணத்தோடு படிப்படியாகப் பார்ப்போம்.

ஃபேக்டோரியோ என்றால் என்ன?

செக் குடியரசின் தலைநகர் பிராகில் இயங்கும் ‘வூபே சாஃப்ட்வேர்’ உருவாக்கிய கேம் இது. மைன்கிராஃப்ட்டுக்காக ரசிகர்கள் உருவாக்கிய தொழிற்சாலை ‘மாட்’களில் இருந்து பிறந்த யோசனை. 2013-ல் இணையவழி நிதி திரட்டலில் தொடங்கி, 2016-ல் ஸ்டீம் தளத்துக்கு வந்து, 2020 ஆகஸ்ட்டில் முழுமையான 1.0 பதிப்பானது. 2024 அக்டோபரில் ‘ஸ்பேஸ் ஏஜ்’ என்ற விரிவாக்கமும் வெளியானது.

கதை சிம்பிள். ஆளில்லாத கிரகம் ஒன்றில் மாட்டிக்கொள்கிறீர்கள். முதலில் கையால் தாது வெட்டுகிறீர்கள். பிறகு அதை வெட்ட ஒரு மெஷின், உருக்க ஓர் உலை, கொண்டுபோக ஒரு கன்வேயர் பெல்ட் என வளர்ந்து, கடைசியில் ராக்கெட் ஏவும் தொழிற்சாலையே எழுந்து நிற்கும். கேமின் ரசிகர்கள் இதற்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் ‘கிராக்டோரியோ’. போதை மாதிரி பிடித்துக்கொள்ளும் என்பதால் வந்த பெயர்.

ஆனால் இதில் உண்மையான சவால் ராக்கெட் இல்லை. ஒரு பொருள் இன்னொன்றாக மாறும் சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமானது என்று கண்டுபிடிப்பதுதான்.

காகிதத்தில் எல்லாம் பக்கா

கேமில் அடிக்கடி தேவைப்படும் பொருள் பச்சை நிற எலக்ட்ரானிக் சர்க்யூட். ஒரு சர்க்யூட் செய்ய 1 இரும்புத் தகடும் 3 செம்புக் கம்பியும் வேண்டும். ஒரு செம்புத் தகட்டைப் போட்டால் 2 கம்பி கிடைக்கும்.

ஆரம்பகட்ட அசெம்ப்ளர் மெஷின் நொடிக்கு 1 சர்க்யூட் செய்யும். அதே மெஷினைக் கம்பி செய்யவிட்டால் நொடிக்கு 2 கம்பி தரும். நமக்கு நொடிக்கு 2 சர்க்யூட், அதாவது நிமிடத்துக்கு 120 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு இப்படி வரும்:

```
2 சர்க்யூட்/நொடி  →  2 சர்க்யூட் மெஷின்
2 x 3 = 6 கம்பி/நொடி  →  6 / 2 = 3 கம்பி மெஷின்
இரும்புத் தகடு: 2/நொடி    செம்புத் தகடு: 3/நொடி
```

2 சர்க்யூட் மெஷினுக்கு 3 கம்பி மெஷின். ஃபேக்டோரியோ ஆடுபவர்களுக்குக் கிட்டத்தட்ட மனப்பாடமான விகிதம் இது. ஒரு கல் உலை 3.2 நொடிக்கு ஒரு தகடு உருக்கும். எனவே செம்புக்கு 10, இரும்புக்கு 7 உலைகள் போதும். சாதாரண மஞ்சள் பெல்ட்டில் நொடிக்கு 15 பொருள்கள் ஓடும். நம் தேவையோ 2-ம் 3-ம்தான். பெல்ட்டில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை.

3 கம்பி மெஷின்களை ஒரு வரிசையிலும், 2 சர்க்யூட் மெஷின்களை எதிர் வரிசையிலும் வைக்கிறோம். ஓரத்தில் இருக்கும் கம்பி மெஷின்கள் தங்கள் எதிரே உள்ள சர்க்யூட் மெஷினுக்குக் கம்பி கொடுக்கும். நடுவில் இருப்பது இரண்டுக்கும் பகிர்ந்து கொடுக்கும். ஆக, ஒவ்வொரு சர்க்யூட் மெஷினுக்கும் இரண்டு பக்கத்திலிருந்து கம்பி வரும்.

சுவிட்சைப் போட்டாயிற்று. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ‘P’ பட்டனை அழுத்தி உற்பத்திப் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் நிமிடத்துக்கு சுமார் 66!

முதலில் தோன்றுவதே தப்பு

இந்த இடத்தில் பெரும்பாலானோர் செய்வது, ‘கம்பி பத்தலை போல’ என்று இன்னொரு கம்பி மெஷின் வைப்பது. எண் 120-ஐ எட்டாது. ‘செம்பு குறையுதோ’ என்று இன்னும் நாலு உலை வைப்பார்கள். அப்போதும் எட்டாது. ஆபீஸில் ஆப் ஸ்லோ ஆனதும் காரணம் பார்க்காமல் ‘இன்னும் ரெண்டு சர்வர் போடு’ என்று சொல்வது போலத்தான் இதுவும்.

அதற்குப் பதில், மெஷின்கள் மேல் மவுஸை வைத்து அவற்றின் நிலையைப் படிக்க வேண்டும். சர்க்யூட் மெஷின் ‘மூலப்பொருள் பற்றாக்குறை’ என்கிறது. அதன் எதிரே இருக்கும் கம்பி மெஷினோ ‘செய்ததை வைக்க இடமில்லை’ என்று நிற்கிறது. ஒன்று பசியில் கிடக்கிறது. அதற்குச் சோறு போட வேண்டியது வயிறு முட்ட நிற்கிறது.

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை என்றால், குறை இரண்டு மெஷின்களிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

நடுவில் என்ன இருக்கிறது? இன்செர்ட்டர். ஒரு மெஷினில் இருந்து எடுத்து இன்னொன்றில் வைக்கும் சின்ன இயந்திரக் கை. ஆராய்ச்சி மூலம் கிடைக்கும் போனஸ் எதுவும் இல்லாத ஆரம்பகட்டத்தில், சாதாரண மஞ்சள் இன்செர்ட்டர் நொடிக்கு சுமார் 0.83 பொருள்தான் நகர்த்தும்.

இப்போது கணக்கைத் திரும்பப் போடுவோம். ஒரு சர்க்யூட் மெஷினுக்குக் கம்பி கொடுக்க இரண்டு கைகள். இரண்டும் சேர்ந்து நொடிக்கு 1.66 கம்பி. ஆனால் தேவை 3. ஆகவே அந்த மெஷின் நொடிக்கு 1 சர்க்யூட்டுக்குப் பதில் 0.55 மட்டுமே செய்யும். இரண்டு மெஷினுக்கும் சேர்த்து 1.1. நிமிடத்துக்கு 66. காணாமல் போன 54 கிடைத்துவிட்டது!

முதல் கணக்கில் தப்பே இல்லை. ‘செய்வதற்கு’ எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்தோம். ‘கொண்டுபோக’ எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்கவில்லை. அவ்வளவுதான். டேட்டாபேஸ் வேகமாகப் பதில் சொல்லியும், நெட்வொர்க்கில் நூறு சின்னச் சின்ன ரிக்வெஸ்ட்டுகளாகப் பிரிந்து போவதால் பேஜ் லோடாக நேரம் ஆவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை பரிச்சயம்.

சரிசெய்தால் இன்னொரு இடத்தில் முளைக்கும்

தீர்வு, வேகமான நீல நிற இன்செர்ட்டர். இது நொடிக்கு சுமார் 2.31 பொருள் நகர்த்தும். கம்பி கொடுக்கும் நான்கு கைகளையும், கம்பி மெஷின்களுக்குச் செம்புத் தகடு போடும் மூன்று கைகளையும் நீலமாக மாற்றுகிறோம். ஓரத்து மெஷினில் இருந்து 2 கம்பி, நடு மெஷினின் பங்காக 1 கம்பி என ஒவ்வொரு சர்க்யூட் மெஷினுக்கும் சரியாக 3 வந்துவிடுகிறது.

இப்போது 120 வர வேண்டுமே? வராது. 100-க்கு அருகில் போய் நின்றுவிடும்.

ஏன்? இரும்புத் தகட்டை உள்ளே போடும் கையும், செய்த சர்க்யூட்டை வெளியே எடுத்து வைக்கும் கையும் இன்னும் மஞ்சள்தான். பெல்ட்டில் இருந்து எடுக்கும்போது அதன் வேகம் சற்று மாறும் என்றாலும், நொடிக்கு 1 என்ற அளவை எட்டாது. இத்தனை நேரம் கம்பி அதைவிட மோசமாக இருந்ததால் இந்தக் குறை வெளியே தெரியவில்லை.

இங்கேதான் பலரும் ஏமாறும் ஒரு இடம் இருக்கிறது. இரும்பு போடும் கையை மட்டும் நீலமாக மாற்றிப் பாருங்கள். எண் மாறவே மாறாது! ‘சரி, இது காரணம் இல்லை போல’ என்று திரும்ப மஞ்சளையே வைத்துவிடத் தோன்றும். ஆனால் அது சரியான மாற்றம்தான். வெளியே எடுக்கும் கை தடையாக நிற்பதால் பலன் தெரியவில்லை. மெஷினின் நிலையைப் பார்த்தால் உண்மை புரியும். ‘பற்றாக்குறை’ என்றது இப்போது ‘வைக்க இடமில்லை’ என்று மாறியிருக்கும். அந்தக் கையையும் மாற்றினால்தான் 120.

மொத்தம் 11 நீல இன்செர்ட்டர்கள். ஒரு மெஷின்கூடக் கூடுதலாக வைக்கவில்லை. உற்பத்தியோ 66-ல் இருந்து 120.

இஸ்ரேலைச் சேர்ந்த இயற்பியலாளர் எலியாஹு கோல்ட்ராட் 1984-ல் வெளியிட்ட ‘தி கோல்’ என்ற நாவலில் சொன்னதும் இதுதான். எந்தச் சங்கிலியிலும் ஒரு நேரத்தில் ஒரு தடைதான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கிறது. அதைத் தவிர வேறு எதை மேம்படுத்தினாலும் பலன் இருக்காது. அதைச் சரிசெய்தால் தடை வேறு இடத்துக்கு நகரும். அந்த நாவல் சொன்னதை இந்த கேமில் அரை மணி நேரத்தில் நேரிலேயே பார்த்துவிடலாம்.

பிரச்சினையை மறைக்கும் பெட்டி

‘கொஞ்சம் ஸ்டாக் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாமே?’ என்று தோன்றலாம். இதுவும் ஆரம்பத்தில் பலர் செய்வதுதான். சர்க்யூட் வெளியே வரும் இடத்தில் ஒரு மரப்பெட்டி வைத்துவிடுவார்கள்.

மரப்பெட்டியில் 16 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் 200 சர்க்யூட் அடுக்கலாம். மொத்தம் 3,200. தொழிற்சாலையின் மற்ற பகுதிகளைக் கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் பெட்டி மெதுவாக நிரம்பிவிடும். பிறகு நிமிடத்துக்கு 120 எடுக்கத் தொடங்குகிறோம், உற்பத்தி மட்டும் இன்னும் 66-லேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 54 பற்றாக்குறை. அதைப் பெட்டி ஈடுகட்டும். 3,200-ஐ 54-ஆல் வகுத்தால் 59. ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு எல்லாம் அருமையாக ஓடும்.

அதற்குப் பிறகு திடீரென்று படுத்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் வேறு நான்கு வேலைகள் செய்திருப்பீர்கள். அதனால் கடைசியாகக் கட்டியதில்தான் தப்பு என்று அதைப் பிரித்துப் போட்டுத் தேடுவீர்கள். கோளாறோ ஒரு மணி நேரம் பழையது.

ஆகவே பெட்டியில் ‘எவ்வளவு இருக்கிறது’ என்பது முக்கியமில்லை, ‘ஏறுகிறதா, இறங்குகிறதா’ என்பதுதான் முக்கியம். ‘P’ திரையில் உற்பத்தி, நுகர்வு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். நுகர்வு அதிகம் என்றால் பெட்டி எவ்வளவு நிரம்பியிருந்தாலும் அது கவுன்ட்டவுன்தான்.

பெல்ட் முழுக்கச் சரக்கு நிரம்பி அசையாமல் நிற்பதைப் பார்த்துப் புதியவர்கள் பயப்படுவார்கள். ஆனால் அது பெரும்பாலும் நல்ல செய்தி. தேவைக்கு மேல் வருகிறது, அடுத்த மெஷின் எடுக்கும்போது நகரும் என்று அர்த்தம். அங்கங்கே இடைவெளி விட்டு ஓடும் பெல்ட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எண்ணெய் வந்ததும் கணக்கு மாறும்

இதுவரை பார்த்தது வேகம் குறையும் பிரச்சினை. கேமின் நடுப்பகுதியில் கச்சா எண்ணெய் வரும்போது, மொத்தமாக நின்றுபோகும் பிரச்சினை வரும். புரோகிராமர்கள் மொழியில் சொன்னால் ‘டெட்லாக்’.

தொடக்கத்தில் கிடைக்கும் சுத்திகரிப்பு முறையில் பெட்ரோலிய வாயு மட்டுமே வரும். அதுவரை சிக்கல் இல்லை. மேம்பட்ட முறைக்கு மாறியதும் கன எண்ணெய், இலகு எண்ணெய், பெட்ரோலிய வாயு என மூன்றும் ஒன்றாக வரும். விதி என்னவென்றால், மூன்றில் ஏதாவது ஒன்றை வைக்க இடமில்லை என்றாலும் சுத்திகரிப்பு ஆலை மொத்தமாக நின்றுவிடும்.

பிளாஸ்டிக் செய்ய வாயு மட்டும்தான் தேவைப்படுகிறது. கன எண்ணெயை யாரும் தொடவில்லை. அதன் தொட்டி 25,000 யூனிட் வரை நிரம்புகிறது. ஆலை நிற்கிறது. வாயு வரவில்லை, பிளாஸ்டிக் இல்லை. கச்சா எண்ணெய் வேண்டிய அளவு இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, ஆனாலும் எதுவும் ஓடவில்லை. இன்னொரு தொட்டி கட்டினால்? அதே பிரச்சினை சிறிது நேரம் தள்ளிப்போகும். மரப்பெட்டிக் கதைதான்.

சரியான தீர்வு, கன எண்ணெயை இலகு எண்ணெயாகவும், இலகு எண்ணெயை வாயுவாகவும் உடைக்கும் ‘கிராக்கிங்’. ஆனால் எல்லாவற்றையும் உடைத்துவிட்டால் இன்னொரு வம்பு. கன எண்ணெயில் இருந்துதான் லூப்ரிகன்ட் வரும். அது இல்லாமல் எலக்ட்ரிக் இன்ஜின் செய்ய முடியாது.

அதனால் அனுபவசாலிகள் ஒரு நிபந்தனை வைப்பார்கள். தொட்டிக்கும் கிராக்கிங் ஆலைக்கும் நடுவில் ஒரு பம்ப். தொட்டியையும் பம்பையும் ஒரு சிக்னல் வயரால் இணைத்து, பம்பில் இப்படி ஒரு வரி:

```
Heavy oil > 20000
```

தொட்டியில் 20,000-க்கு மேல் போனால் மட்டும் பம்ப் ஓடும். அதற்குக் கீழே இருப்பது லூப்ரிகன்ட்டுக்காகப் பத்திரமாக இருக்கும். இலகு எண்ணெய்க்கும் இதே மாதிரி இன்னொரு பம்ப். ஒரே ஒரு ‘இஃப்’ கண்டிஷன், ஆலை மறுபடி ஓடத் தொடங்கிவிடும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. பிளாஸ்டிக் உற்பத்தி நின்று, வாயுத் தொட்டியே நிரம்பிவிட்டால் ஆலை திரும்பவும் நிற்கும். அப்போது லூப்ரிகன்ட்டும் வராது. மிஞ்சும் வாயுவைத் திட எரிபொருளாக்கி பாய்லரில் எரிப்பது அதற்கு ஒரு வழி. எங்கேயோ ஓர் இடத்தில் சரக்கு வெளியேற வழி இருந்தே ஆக வேண்டும்.

கேமுக்கும் நிஜத்துக்கும் எங்கே இடிக்கிறது?

‘இப்படி ஆடினால் வேலையிலும் ஷார்ப் ஆகிவிடலாமா?’ தடையைத் தேடும் பழக்கம் வரலாம். ஆனால் ஒரு விஷயத்தில் இந்த கேம் தப்பான உள்ளுணர்வைக் கொடுத்துவிடும்.

ஃபேக்டோரியோவில் ஒரு மெஷின் இன்று நொடிக்கு 1 செய்தால் நாளையும் அதையேதான் செய்யும். பழுதாகாது. லீவ் போடாது. ஆகவே 2:3 என்று துல்லியமாக வைத்து, எல்லா மெஷின்களையும் 100 சதவீதம் ஓட்டலாம். அதுதான் அழகு என்றும் தோன்றும்.

நிஜ சர்வருக்கு ரிக்வெஸ்ட்டுகள் அப்படிச் சீராக வராது. திடீரென்று கூட்டமாக வரும், பிறகு ஓய்ந்துவிடும். இதை விளக்கும் வரிசைக் கோட்பாட்டின் எளிய மாதிரி ஒன்று உண்டு. அதன்படி ஒரு சர்வர் 50 சதவீதம் பிஸியாக இருந்தால், ஒரு வேலை முடிய அதன் அசல் நேரத்தைப் போல் சராசரியாக 2 மடங்கு ஆகும். 90 சதவீதம் பிஸி என்றால் 10 மடங்கு. 100-ஐ நெருங்க நெருங்க வரிசை முடிவில்லாமல் நீளும். கேமில் ‘வீண்’ என்று தோன்றும் அந்தக் காலி இடம்தான் நிஜத்தில் சிஸ்டத்தைக் காப்பாற்றுகிறது.

எதிலிருந்து தொடங்கலாம்?

ஃபேக்டோரியோ கம்ப்யூட்டரிலும் நின்டெண்டோ ஸ்விட்ச்சிலும் ஓடும். முதலில் இலவச டெமோவை ஆடிப் பார்க்கலாம். காசு கொடுப்பதற்கு முன்பே இது நமக்குச் செட் ஆகுமா என்று தெரிந்துவிடும். தொழிற்சாலையைத் தாக்க வரும் பூச்சிகள் தொல்லை என்றால், உலகத்தை உருவாக்கும்போதே அவற்றை நீக்கிவிடலாம்.

மேலிருந்து பார்ப்பதைவிட உள்ளே நடந்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு, சுவீடனின் ‘காஃபி ஸ்டெய்ன்’ உருவாக்கிய ‘சாட்டிஸ்ஃபேக்டரி’. இதில் இன்செர்ட்டரே கிடையாது, பெல்ட் நேராக மெஷினுக்குள் போகும். அதனால் தடையும் பெல்ட்டுக்கு இடம் மாறிவிடும். முதல் நிலை பெல்ட்டில் நிமிடத்துக்கு 60 பொருள்தான் ஓடும். எதிரி, மின்சாரம் என்ற எந்த டென்ஷனும் வேண்டாம், வெறும் ஓட்டத்தை மட்டும் சீராக்கினால் போதும் என்பவர்களுக்கு ‘ஷேப்ஸ்’. ஆண்ட்ராய்டு போனிலேயே ஆட வேண்டும் என்றால், ஓப்பன் சோர்ஸ் கேமான ‘மின்டஸ்ட்ரி’.

எதை ஆடினாலும் நேரத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும். ஒரு தடையை நீக்கினால் அடுத்தது தெரியும், அதை நீக்கினால் அதற்கடுத்தது. ‘இது ஒன்றை மட்டும் முடித்துவிட்டு மூடலாம்’ என்று இரவு 10 மணிக்குச் சொல்பவர், மறுநாள் காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் கொட்டாவி விடுவது இப்படித்தான். இந்தச் சங்கிலியில் கடைசித் தடை என்று ஒன்று கிடையாது. எனவே தொடங்கும்போதே எந்த எண்ணைத் தொட வேண்டும் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. ‘இன்றைக்கு 120 சர்க்யூட்’ என்றால், 120 வந்ததும் சேவ் செய்துவிட்டு லேப்டாப்பை மூடிவிட வேண்டும்.